விலைச்சீட்டைத் திருப்பி வையுங்கள், ஊடையை எண்ணுங்கள்

ஜவுளிக்கடையில் பெட்ஷீட் கேட்டால், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகளை வரிசையாக எடுத்துப் போடுவார்கள். பையின் மேல் அழகான கட்டில் படம், '100% காட்டன்' என்ற வாசகம், 'டிசி 400', 'டிசி 1000' என்று ஏதோ ஓர் எண், அடித்துத் திருத்திய விலை. உள்ளே இருக்கும் துணியைத் தொட்டுப் பார்க்க வழியில்லாததால் நாம் விலையைப் பிடித்துக்கொள்கிறோம். 600 ரூபாய் என்றால் சாயம் போகும், 3,000 ரூபாய் என்றால் உழைக்கும், நடுவில் 1,500-க்கு ஒன்றை எடுத்தால் தப்பில்லை என்று ஒரு கணக்கு. இந்தக் கணக்கு பல சமயம் பொய்த்துப்போகிறது. 3,000 ரூபாய் விரிப்பு சில சலவைகளிலேயே உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டிவிடுகிறது. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் பையும் படமும் இல்லாமல் வாங்கிய விரிப்பு வருடக்கணக்கில் உழைக்கிறது.

காரணம் எளிது. கடை வாடகை, விளம்பரம், பை, தள்ளுபடிக்காக முன்கூட்டியே ஏற்றிவைத்த தொகை எல்லாம் விலைக்குள் அடங்கியிருக்கின்றன. விரிப்பின் ஆயுளோ எந்த நூலில், எப்படி நெய்தார்கள், எப்படிச் சாயம் ஏற்றினார்கள் என்பதில் இருக்கிறது. கரூரிலும் ஈரோட்டிலும் சென்னிமலையிலும் பெட்ஷீட் தொழிலில் இருப்பவர்கள் ஒரு துணியைக் கையில் எடுத்தால் விலையைக் கடைசியில்தான் கேட்பார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள், கண்ணாடி வைத்து இழையை எண்ணுவார்கள், ஈரத்துணியால் தேய்ப்பார்கள். அவர்கள் செய்வதில் பெரும்பகுதியை நாமும் செய்யலாம்.

முதலில் அந்த 'டிசி' எண். ஒரு சதுர அங்குலத் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளையும், குறுக்கே ஓடும் ஊடை இழைகளையும் எண்ணிக் கூட்டினால் வருவது அது. அங்குலத்துக்குப் பாவு 120, ஊடை 80 என்றால் டிசி 200. இதில் மறைப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் இந்த எண் தனியாக நின்றால் பொருள் முழுமையாவதில்லை. கூடவே நூல் எவ்வளவு மெல்லியது என்பதும் தெரிய வேண்டும்.

நூலின் மென்மையை நம்பர் வைத்துச் சொல்வார்கள். 20-ம் நம்பர் தடித்த நூல், 40-ம் நம்பர் நடுத்தரம், 60, 80, 100 என்று போகப்போக மெலிந்துகொண்டே வரும். 840 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அதுதான் நூலின் நம்பர். 40-ம் நம்பர் நூலில் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம், எடுத்து நீட்டினால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடும். நூல் மெலிந்தால்தான் ஓர் அங்குலத்துக்குள் அதிக இழைகள் அடங்கும். ஆகவே டிசி கூடுகிறது என்றால் நூலும் அந்த அளவுக்கு மெலிந்திருக்க வேண்டும்.

இங்கே ஓர் எல்லை இருக்கிறது. நூலுக்கு ஒரு தடிமன் உண்டு. ஊடை மேலும் கீழுமாகப் போய்வர இடமும் வேண்டும். 40-ம் நம்பர் நூலில் சாதா நெசவில் 120-க்கு 80 என்பது நல்ல நெருக்கம். அதற்கு மேல் மிகவும் நெருக்கினால் தறி திணறும், துணி அட்டை மாதிரி விறைக்கும். 80, 100 நம்பர் நூலை வைத்து நெய்தாலும், ஒற்றை இழையாக எண்ணினால் 400-ஐ ஒட்டிய அளவைத் தாண்டுவது கடினம். அப்படியானால் கடைகளில் கிடக்கும் 800, 1000, 1200 எல்லாம் எங்கிருந்து வந்தன?

எண்ணும் முறையிலிருந்து வந்தன. இரண்டு மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்கினால் அது ஒரு நூல்தான். அதையே இரண்டாக எண்ணினால் 250 என்பது 500 ஆகிவிடும். நான்கு இழை முறுக்கினால் 1000. இன்னொரு வழியும் உண்டு. தறியில் ஒவ்வொரு முறை ஊடை போடும்போதும் ஒரே திறப்பில் பல மெல்லிய இழைகளைக் கற்றையாக அனுப்பிவிட்டு, கற்றையில் இருக்கும் ஒவ்வொன்றையும் தனி இழையாகக் கணக்கில் சேர்ப்பது. இந்தக் கற்றையில் தலைமுடியைவிட மெல்லிய பாலியஸ்டர் இழைகளைப் பயன்படுத்துவதும் நடக்கிறது. அமெரிக்காவில் இந்த வழக்கம் பரவியபோது ஜவுளி உற்பத்தியாளர் சங்கம் கேட்ட கேள்விக்கு, நுகர்வோர் நலனைக் கவனிக்கும் மத்திய வணிக ஆணையத்தின் அலுவலர்கள் 2005-இல் பதில் எழுதினார்கள். முறுக்கிய நூலுக்குள் இருக்கும் இழைகளைத் தனித்தனியாக எண்ணி டிசியைப் பெருக்கிக் காட்டுவது வாங்குபவரைத் தவறான எண்ணத்துக்குக் கொண்டுபோகும் என்பது அவர்கள் கருத்து. இருபது வருடத்துக்குப் பிறகும் 1000 என்ற எண் பைகளின் மேல் மினுங்கிக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், சமையலறைத் தராசு போதும். இழை எண்ணிக்கையும் நூல் நம்பரும் தெரிந்தால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கும் என்று கணக்கிட ஒரு சுருக்கு வழி இருக்கிறது. பாவு எண்ணிக்கையைப் பாவு நூலின் நம்பரால் வகுங்கள். ஊடைக்கும் அதேபோல் செய்யுங்கள். இரண்டையும் கூட்டி 25-ஆல் பெருக்குங்கள். நெசவில் நூல் வளைந்து போவதால் சேரும் எடையும் அந்த 25-க்குள் அடக்கம். 40-ம் நம்பர் நூலில் 120-க்கு 80 நெய்த துணியை எடுத்துக்கொண்டால், 120-ஐ 40-ஆல் வகுக்க 3, 80-ஐ 40-ஆல் வகுக்க 2, கூட்டினால் 5, பெருக்கினால் 125 கிராம். டபுள் கட்டிலுக்கான 90-க்கு 100 அங்குல விரிப்பின் பரப்பு சுமார் 5.8 சதுர மீட்டர். ஆக அந்த விரிப்பு, தலையணை உறை நீங்கலாக, 725 கிராம் அளவில் இருக்க வேண்டும். கஞ்சி, ஈரப்பதம், ஓர மடிப்பு ஆகியவற்றால் பத்து சதவீதம் முன்னே பின்னே வரலாம்.

இப்போது அதே அளவில் '1000 டிசி, 100% காட்டன்' என்று எழுதிய ஒரு விரிப்பைத் தராசில் வைக்கிறோம், 800 கிராம் காட்டுகிறது என்று கொள்ளுங்கள். 5.8-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 138 கிராம். ஆயிரம் இழையும் உண்மை என்றால் நூலின் நம்பர் என்ன? 1000-ஐ 25-ஆல் பெருக்கி 138-ஆல் வகுத்தால் 181 வருகிறது. 181-ம் நம்பர் பருத்தி நூலில் யாரும் கட்டில் விரிப்பு நெய்வதில்லை. அந்த அளவுக்கு மெல்லிய நூல் நூற்பதே அரிது, நூற்றாலும் அதன் விலைக்கு அந்த விரிப்பைக் கடைக்காரர் கொடுக்க முடியாது. உண்மையிலேயே 100-ம் நம்பர் நூலில் ஆயிரம் இழை இருந்திருந்தால் அந்த விரிப்பு ஒன்றரைக் கிலோவை நெருங்கியிருக்கும். 60-ம் நம்பர் என்றால் கிட்டத்தட்ட 2.4 கிலோ. 800 கிராமுக்குள் ஆயிரம் பருத்தி இழை இருக்க வழியே இல்லை.

அடுத்து, ஓரத்தில் தையல் மடிப்புக்குள்ளிருந்து ஊடை இழை ஒன்றை ஊசியால் இழுத்து எடுங்கள். முறுக்கைப் பிரித்தால் எத்தனை இழையாகப் பிரிகிறது என்று பாருங்கள். பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, இடுக்கியில் பிடித்துப் பற்றவையுங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல மணக்கும், தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகும், ஆறியதும் நுனியில் கெட்டியான மணி நிற்கும். கலப்பு நூல் என்றால் சாம்பலுக்குள் அந்த மணி நெருடும். கடைகளில் 'கிளேஸ் காட்டன்' என்ற பெயரில் பளபளவென்று மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் மணி காட்டுகிற ரகம்தான். பெயரில் காட்டன் இருக்கிறது, நூலில் இருப்பதில்லை.

இழையை எண்ணுவதற்குத் தொழிலில் 'பிக் கிளாஸ்' என்ற மடக்குக் கண்ணாடி வைத்திருப்பார்கள். நம்மிடம் கைபேசி இருக்கிறது. துணியின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து, நல்ல வெளிச்சத்தில் நெருங்கிப் படம் எடுத்து, பெரிதாக்கி, ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை இழை என்று எண்ணுங்கள். அதை 2.54-ஆல் பெருக்கினால் அங்குலக் கணக்கு வந்துவிடும். சென்டிமீட்டருக்கு 47 என்றால் அங்குலத்துக்கு 120 என்று பொருள். இரண்டு பக்கமும் தனித்தனியாக எண்ண வேண்டும். இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஊடையைத்தான். பாவின் நெருக்கம் தறியில் மாட்டிய அச்சோடு தீர்மானமாகிவிடுகிறது. நடுவில் மாற்றுவது சிரமம். ஊடையைக் குறைப்பது மிகச் சுலபம். அங்குலத்துக்கு 80 போட வேண்டிய இடத்தில் 60 போட்டால் நூலும் மிச்சம், தறி ஓடும் நேரமும் மிச்சம். அதே நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு துணி கூடுதலாக இறங்கும். பாவு 120 இருப்பதால் துணி பார்வைக்கு நெருக்கமாகத்தான் தெரியும். ஆனால் துவைக்கத் துவைக்க இழை நகர ஆரம்பிக்கும், கட்டிலின் நடுப்பகுதி வலைபோல ஆகும்.

இதற்குக் கடையிலேயே செய்யக்கூடிய சோதனை, இரண்டு கட்டைவிரல் நகங்களையும் துணியின் மேல் அருகருகே வைத்து எதிரெதிர்த் திசையில் அழுத்தித் தள்ளிப் பார்ப்பது. நல்ல நெசவு அசையாது. ஊடை குறைந்த துணியில் இழைகள் விலகிச் சின்ன இடைவெளி தெரியும், விட்டாலும் அது மூடாது. அந்தத் துணி எத்தனை ரூபாய் என்றாலும் வைத்துவிட்டு வரலாம்.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதும் வீண் வேலை இல்லை. நூல் சீராக இருந்தால் துணி முழுவதும் ஒரே மாதிரி வெளிச்சத்தை விடும். மேகம் படர்ந்ததுபோலத் திட்டுத்திட்டாக இருந்தால் நூல் தடித்தும் மெலிந்தும் ஓடியிருக்கிறது. நூற்பாலையில் பஞ்சைச் சீவி, குட்டை இழைகளைக் கழித்து நூற்றதை 'கோம்டு' நூல் என்பார்கள். கழிவு அதிகம் என்பதால் அதன் விலை கூடுதல், அது நியாயமான கூடுதல். குட்டை இழைகளை உள்ளே விட்டு நூற்ற நூலில்தான் சில சலவைக்குப் பிறகு அந்தப் பிசிறு உருண்டைகள் வருகின்றன. துணியை உள்ளங்கையால் அழுத்திப் பத்துப் பதினைந்து முறை தேய்த்தாலே, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது முடி எழும்புவது தெரிந்துவிடும்.

இனி நெசவு. பருத்தி விரிப்பில் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகைதான் எதிரே நிற்கும்: சாதா நெசவு, சாட்டின். சாதா நெசவில் ஊடை ஒரு பாவு இழைக்கு மேலே போய் அடுத்ததற்குக் கீழே நுழையும். மெல்லிய நூலில் நெருக்கி நெய்த சாதா நெசவுக்குப் 'பெர்கேல்' என்று பெயர். டிசி 180 முதல் அந்தப் பெயரைக் கொடுப்பார்கள். சாட்டினில் ஓர் இழை நான்கு இழைகளுக்கு மேலே மிதந்துவிட்டு ஐந்தாவதற்குக் கீழே ஒருமுறை நுழையும். இந்த மிதப்புதான் பளபளப்பையும் வழவழப்பையும் தருகிறது. கண்டுபிடிப்பது எளிது. சாட்டினின் ஒரு பக்கம் மின்னும், பின்பக்கம் மங்கலாக இருக்கும். சாதா நெசவுக்கு இரு பக்கமும் ஒன்றே.

கடையில் விரலால் தடவிப் பார்த்தால் சாட்டின்தான் எப்போதும் ஜெயிக்கும். அதனால் விலையும் கூடுதலாக வைக்கிறார்கள். ஆனால் மின்விசிறியை மட்டும் நம்பித் தூங்கும் வீட்டுக்கு, அதுவும் சித்திரை வைகாசி வெயிலில், சாதா நெசவே மேல் என்பது என் தீர்மானமான கருத்து. குறுக்கும் நெடுக்கும் மாறிமாறிப் போவதால் துணி உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் விறைப்பாக நிற்கும், காற்று உள்ளே போய்வரும், வியர்வை சீக்கிரம் காயும். சாட்டினில் இழைகள் நெருங்கி மிதப்பதால் உடம்போடு படிந்து கிடக்கும், வெதுவெதுப்பு கூடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும், இரவெல்லாம் ஏசி ஓடும் அறையிலும் அது சுகம். மதுரையில் மே மாதத்தில் அதுவே புழுக்கம்.

உழைப்பிலும் வித்தியாசம் உண்டு. மிதக்கும் இழையை இறுக்கிப் பிடிக்கும் முடிச்சுகள் குறைவு என்பதால் கொலுசும் மெட்டியும் வெடித்த குதிகாலும் அதை எளிதாக இழுத்துவிடும். குழந்தைகள் குதிக்கும் கட்டிலுக்கும், வாரத்துக்கொருமுறை மெஷினில் சுற்றும் விரிப்புக்கும் சாட்டின் தாங்காது. வாங்குவதென்றால் 60-ம் நம்பர் கோம்டு நூலில், டிசி 300-ஐ ஒட்டியதாக வாங்குங்கள். மேலே சொன்ன கணக்குப்படி அதுவும் சதுர மீட்டருக்கு 125 கிராம்தான் வரும். டிசி 200-க்கும் 300-க்கும் எடை ஒன்றாக இருப்பதில் ஆச்சரியமில்லை, நூல் மெலிந்த அளவுக்கு எண்ணிக்கை கூடியிருக்கிறது.

சென்னிமலைக் கைத்தறி விரிப்புகளை இந்த அளவுகோலால் எடைபோடக்கூடாது. அவை தடித்த நூலில் நெய்பவை. டிசி எண்ணினால் நூறைச் சுற்றித்தான் வரும், ஆனாலும் கனமாக இருக்கும். நெசவுக்கு முன்பே நூலுக்குச் சாயம் ஏற்றி, கட்டமும் கோடும் பூவேலையும் தறியிலேயே உருவாகும். அவை பல வருட உழைப்புக்கு. வழவழப்பை அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. குறைந்த டிசி என்று ஒருவர் அவற்றை ஒதுக்கினால் இழப்பு அவருக்குத்தான்.

சாயத்துக்கு வருவோம். பருத்திக்கு இன்று அதிகம் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். 1956-இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தச் சாயம் பருத்தி இழையோடு வேதிவினை புரிந்து அதன் ஒரு பகுதியாகவே பிணைந்துவிடும். சாயத் தொட்டியில் நிறைய உப்பு போட்டுச் சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவார்கள். பிறகு சோடா உப்பு சேர்த்ததும் பிணைப்பு நடக்கும். பிரச்சினை என்னவென்றால், போட்ட சாயம் முழுவதும் பிணைவதில்லை. ஒரு கணிசமான பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி, துணியில் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். அடர் நிறம் என்றால் இரண்டு மூன்று முறை. அப்படி அலசிய துணிதான் வீட்டில் சாயம் விடாது.

மலிவு விரிப்பில் மிச்சம் பிடிப்பது இந்த அலசலில்தான். காரணத்தைத் தெரிந்துகொள்ள நொய்யலைப் பார்க்க வேண்டும். சென்னிமலைக்குப் பக்கத்தில், பாசனத்துக்காக 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்பும் சாயமும் கலந்த தண்ணீர் தேங்கும் குட்டையாக மாறியது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது, முழுவதையும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற நிலை இறுகியது. அதிலிருந்து முறையாக நடக்கும் பட்டறைக்கு ஒவ்வொரு அலசலும் சுத்திகரிப்புச் செலவைக் கூட்டுகிறது. அலசலைக் குறைத்து, அதற்குப் பதில் சாயத்தைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் ரசாயனத்தில் முக்கி எடுத்தால் துணி கடைச் சோதனையில் தேறிவிடும். நான்கைந்து சலவையில் அந்தப் பிடி விட்டதும் வாளித் தண்ணீர் சிவக்கும். விலை உயர்ந்த பையிலும் இந்தத் துணி இருக்கலாம் என்பதுதான் சங்கடம்.

அச்சிட்ட விரிப்பில் வேறொரு சிக்கல். அங்கே ரியாக்டிவ் அச்சும் உண்டு, பிக்மென்ட் அச்சும் உண்டு. பிக்மென்ட் இழைக்குள் போவதில்லை. பசையோடு கலந்து துணியின் மேல் ஒட்டவைக்கப்படுகிறது. வாளித் தண்ணீரில் சாயம் அதிகம் விடாததால் நல்ல சாயம் என்று நினைத்துவிடுவோம். ஆனால் உராயும் இடத்தில் உதிரும். தலை படும் இடமும் கால் படும் இடமும் முதலில் வெளுக்கும். பூ இருக்கும் இடத்தையும் வெறும் இடத்தையும் விரலால் மாறிமாறித் தடவுங்கள். பூவில் மட்டும் விறைப்பு தெரிந்தால், திருப்பிப் பார்க்கும்போது பின்பக்கம் ஏறத்தாழ வெள்ளையாக இருந்தால், அது பெரும்பாலும் பிக்மென்ட். ரியாக்டிவ் அச்சில் தொட்டால் வேறுபாடு தெரியாது, நிறம் பின்பக்கமும் ஓரளவு இறங்கியிருக்கும். நூலுக்கே சாயமேற்றி நெய்த கட்டம், கோடு என்றால் இரு பக்கமும் ஒரே நிறம். உழைப்பைப் பார்த்தால் என் முதல் தேர்வு அதுதான்.

சாயத்துக்கான வீட்டுச் சோதனையைத் துவைப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள், ரசீது கையில் இருக்கும்போதே. வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி, விரிப்பின் ஒரே இடத்தில் அழுத்திப் பத்து முறை தேய்க்க வேண்டும். உலர்ந்த கைக்குட்டையால் இன்னோர் இடத்தில். உலர்ந்ததில் கறையே படியக்கூடாது. ஈரத்தில் வெளிர் நிறங்கள் கறை விடக்கூடாது. கருநீலம், கருஞ்சிவப்பு, கறுப்பு ஆகிய நிறங்களில் நல்ல பட்டறைச் சரக்கிலும் ஈரத்தில் லேசான சாயல் வரும், அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஆய்வகங்களில் இதை 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுச் சொல்வார்கள், 5 என்றால் கறையே இல்லை. துவைப்பில் 4 வாங்கும் அடர் நிறத் துணி ஈர உராய்வில் 3-ஐத் தாண்டத் திணறுவது சகஜம். கைக்குட்டை பளிச்சென்று சிவந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கலாம்.

கைக்குட்டைச் சோதனை சாயம் பிடிக்கும் ரசாயனத்தை வெல்லாது. அதற்கு, தையலுக்குள்ளிருந்து கொஞ்சம் நூலையோ, கூடவே வரும் உறையின் உள்மடிப்பிலிருந்து ஒரு துண்டையோ வெட்டி, வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்துக் கட்டி, ஒரு டம்ளர் வெந்நீரில் அரை ஸ்பூன் சோப்புத்தூள் போட்டு இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் தண்ணீர் நிறமேறியிருந்தாலும் வெள்ளைத்துணி வெள்ளையாக இருந்தால் கவலையில்லை. அது பிணையாமல் நின்ற உபரிச் சாயம், இரண்டொரு அலசலில் போய்விடும். வெள்ளைத்துணியில் நிறம் ஏறியிருந்தால், புதுத் தண்ணீரில் மறுபடியும் செய்து பாருங்கள். அப்போதும் ஏறினால் அந்த விரிப்பு மற்றத் துணிகளையும் கெடுக்கும். அது மலிவான டைரக்ட் சாயமாக இருக்கலாம், அலசாத ரியாக்டிவாக இருக்கலாம், எதுவானாலும் வீட்டில் சரிசெய்ய வழியில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. உப்பு சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளும், பிணைக்காது. அடுத்த முறை உப்பில்லாத தண்ணீரில் போட்டதும் பழைய கதைதான்.

கடைசியாகக் கஞ்சி. ஊடை குறைந்த துணியைக் கனமாகவும் மொடமொடப்பாகவும் காட்டுவதற்கு கஞ்சியும் பசையும் ஏற்றுவார்கள். அப்போது தராசும் ஏமாறும். துணியின் இரு மடிப்புகளைக் கறுப்புத் துணியின் மேல் பிடித்துக் கசக்கித் தேய்த்தால் வெள்ளைத் தூள் உதிர்வது முதல் அடையாளம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் முதல் சலவைக்கு முன்னும், நன்றாகக் காய்ந்த பின்னும் எடை போடுங்கள். இரண்டு மூன்று சதவீதம் குறைந்தால் இயல்பு. 725 கிராம் விரிப்பு 650-க்கு இறங்கினால் நீங்கள் 75 கிராம் கஞ்சியைத் துணி விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். அந்தச் சலவையில் நீளத்தையும் அளந்துவிடுங்கள். முன்சுருக்கம் செய்யாத பருத்தி ஐந்து சதவீதம் வரை சுருங்கும், 100 அங்குலம் 95 ஆகும். 78 அங்குல மெத்தை, இரு முனையிலும் எட்டு அங்குலத் தடிமன் என்றால் மடித்துச் செருக மிச்சம் ஓர் அங்குலம்தான். தடித்த மெத்தை வைத்திருப்பவர்கள் 108 அங்குல நீளத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

இத்தனையும் பார்க்கக் கடைக்காரர் பையைத் திறந்து ஒரு மடிப்பை விரித்துக் காட்ட வேண்டும். காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். தமிழ்நாட்டு வெயிலில், மெஷினில் துவைக்கும் ஒரு சராசரிக் குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான்: 40-ம் நம்பர் கோம்டு நூல், பாவு 120, ஊடை 80-க்குக் குறையாத சாதா நெசவு, நூலுக்குச் சாயமேற்றிய கட்டமோ கோடோ, 90-க்கு 100 அங்குலத்தில் எழுநூறு கிராமுக்குக் குறையாத எடை. இது அமைந்த விரிப்பு 800 ரூபாய்க்குக் கிடைத்தாலும் நம்பி வாங்கலாம். அமையாத விரிப்பை 3,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள்.